ஆள் சேர்த்துவிட்ட போனஸ் 3 மாதம் தாண்டியும் வரவில்லை, ஏன்?

மாங்குளம்_தையல்: கிளிநொச்சிப் பக்கம் ஒரு காமன்ட்ஸில வேலை செய்யிறன். மச்சாளை அங்கேயே சேர்த்துவிட்டன். மே 12 சேர்ந்தவள். மூன்று மாதம் முடிஞ்சால் 10,000 ரூபா எண்டு அறிவித்தல் போட்டிருந்தவை. ஆகஸ்ட் 25 சம்பளத்தில ஒண்டும் ஏறேல்லை. தராமல் விட்டிடுவினமோ?

பரந்தன்_காரன்: மூன்று மாதம் முடிஞ்ச உடனே அடுத்த சம்பளத்தில தானா ஏறும் தங்கச்சி. ஏறேல்லை எண்டால் மறந்துபோச்சினம். போய்ச் சத்தம் போடுங்கோ.

வவுனியா_சம்பளப்பிரிவு: தானா ஏறாது அண்ணை. பெரும்பாலான இடங்களில நாள் முடியிறது மட்டும் காணாது. மச்சாளுக்கு நிரந்தரக் கடிதம் கொடுத்திருக்க வேணும். தங்கச்சி, அந்தக் கடிதத்தில என்ன திகதி இருக்கு? உங்கட இடத்தில சம்பளக் கணக்கை எத்தினையாம் திகதி மூடுறவை?

மாங்குளம்_தையல்: கடிதம் ஆகஸ்ட் 22. கணக்கு 20 ஆம் திகதி மூடுறவை எண்டு சுப்பர்வைசர் அக்கா சொன்னவ.

வவுனியா_சம்பளப்பிரிவு: அதுதான் விசயம். மூன்று மாதம் ஆகஸ்ட் 12 இல முடிஞ்சாலும் கடிதம் கணக்கு மூடி இரண்டு நாளுக்குப் பிறகுதான் வந்திருக்கு. அப்ப செப்ரெம்பர் 25 சம்பளத்தில பாருங்கோ. அதுக்குள்ள மூண்டு விசயத்தைக் கேட்டு வையுங்கோ. மச்சாளின்ர விண்ணப்பத்தில "சிபாரிசு செய்தவர்" எண்ட இடத்தில உங்கட பேரும் ஊழியர் இலக்கமும் இருக்கோ? இதுதான் கனபேருக்குப் பிழைக்கிற இடம். சேர்ந்த பிறகு பேரை எழுதச் சொன்னால் ஒத்துக்கொள்ளாயினம். இரண்டாவது, முழுத்தொகையோ, பாதி இப்ப பாதி ஆறாம் மாதமோ? மூண்டாவது, காசு போடுற நாளில நீங்களும் மச்சாளும் வேலையில இருக்க வேணும். விலகல் கடிதம் கொடுத்திருந்தாலே சில இடங்களில நிப்பாட்டிப்போடுவினம்.

முறிகண்டி_அக்கா: பிள்ளை, வேலைக்கு எடுத்துவிடக் காசு வாங்கிறது கூடாது கண்டியளோ. பிறகு பிரச்சினை.

வவுனியா_சம்பளப்பிரிவு: இது வேற அக்கா. காசைக் கொம்பனிதான் தருது, மச்சாளிட்ட வாங்கேல்லை. அவளிட்ட வாங்கினால்தான் நீங்கள் சொல்லிற பிரச்சினை.

நெடுங்கேணி: என்ர தம்பி கேற்றடியில சீ.வி. குடுத்திட்டு வந்தவன், நான் பிறகு எச்.ஆருக்குச் சொன்னன். எனக்கு வருமோ?

வவுனியா_சம்பளப்பிரிவு: கஷ்டம். அவன்ர பேர் முதலே பதிவில இருக்கெண்டால் உங்கட சிபாரிசு கணக்கில வராது. எண்டாலும் உங்கட இடத்து அறிவித்தலை வாசிச்சுப் பாருங்கோ, சில இடங்கள் விட்டுக்கொடுக்கும்.

பரந்தன்_காரன்: இதில வரி வெட்டுவினமோ?

வவுனியா_சம்பளப்பிரிவு: சம்பளத்தோட சேர்த்துத்தான் வரிக்குப் பார்ப்பினம். ஆனா 2025 ஏப்ரலில இருந்து வருசத்துக்கு 18 லட்சம் ரூபா வரைக்கும் வரி இல்லை. மாதம் 60,000 எடுக்கிற ஆளுக்கு 10,000 முழுசா வரவேணும்.

மாங்குளம்_தையல்: மச்சாளிட்டக் கேட்டன். விண்ணப்பத்தில என்ர பேர் இருக்காம், ஊழியர் இலக்கம் எழுதேல்லையாம். நாளைக்கு எச்.ஆரில கேட்கிறன்.

வவுனியா_சம்பளப்பிரிவு: நிரந்தரக் கடிதத்தின்ர பிரதியும் கொண்டுபோங்கோ. இலக்கத்தைச் சேர்க்கச் சொல்லி எழுத்தில கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கோ. 20 ஆம் திகதிக்கு முதல் செய்யவேணும்.