பிரசவப் பை: ஒன்றாகக் கட்டுவதா, மூன்றாகப் பிரிப்பதா?

லிந்துலை_தம்பி:
எங்களுக்கு முதல் பிள்ளை. ஜனவரி 26 என்று திகதி தந்திருக்கிறார்கள். தாய்க்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று, பத்திரங்களுக்கு ஒன்று என மூன்றாகக் கட்டச் சொல்கிறார் மிட்வைஃப் அம்மா. எல்லாவற்றையும் ஒரே பையில் போடச் சொல்கிறார் என் அம்மா. யார் சொல்வதைக் கேட்பது? எதில் எதை வைப்பது?

கொழுந்துக்கூடை:
தம்பி, உங்கள் அம்மா சொல்வதைக் கேளுங்கள். நான் மூன்று பிள்ளை பெற்றவள். மூன்று முறையும் ஒரே பைதான் கொண்டு போனேன். லயத்திலிருந்து ஆட்டோ நிற்கும் இடத்துக்கு அரை மைல் இறங்க வேண்டும். இருட்டில், மழையில் மூன்று பொதியைத் தூக்கிப் போனால் ஒன்று நிச்சயம் ஆட்டோவிலேயே தங்கிவிடும். இன்னொன்று, ஜனவரிக் குளிருக்கு ஒரு பிளாஸ்டிக் போத்தலும் வையுங்கள். சுடுதண்ணீர் நிரப்பித் துணி சுற்றிப் பிள்ளையின் காலடியில் வைத்தால் விடியும் வரை சூடு இருக்கும்.

ஓய்வுபெற்ற_தாதி:
பை ஒன்றாக இருப்பதில் எனக்கு வழக்கில்லை. உள்ளே எல்லாம் கலந்து கிடப்பதில்தான் வழக்கு. பிரசவத்துக்கு வரும் பெண் ஓரிடத்தில் இருப்பதில்லை. முதலில் வார்டு, பிறகு பிரசவ அறை, சிலவேளை அங்கிருந்து சத்திரசிகிச்சைக் கூடம், கடைசியில் பிள்ளையோடு வேறொரு வார்டு. பெரிய பை முதல் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கும். பிள்ளை பிறந்ததும் தாதி கதவைத் திறந்து "பிள்ளையின் துணி எங்கே?" என்று கேட்பார். அப்போது வெளியே நிற்கும் மாமியார் தாயின் நைட்டி, சீப்பு, பிஸ்கட் பெட்டி எல்லாவற்றையும் தரையில் கொட்டித் தேடுவதை எத்தனையோ இரவுகள் பார்த்திருக்கிறேன்.

ஆகவே பை ஒன்றாக இருக்கட்டும், உள்ளே பொதிகள் தனியாக இருக்கட்டும். பிள்ளையின் பொதியில் மேலே ஒரு சின்ன முடிச்சு வையுங்கள். அதில் மெல்லிய துவாய் இரண்டு, தொப்பி ஒன்று, முன்பக்கம் முடிச்சுப் போடும் சட்டை ஒன்று, நேபி ஒன்று, காலுறை ஒரு சோடி. அவ்வளவுதான். துவாய் ஏன் இரண்டு என்று கேட்பார்கள். முதலாவது ஈரத்தைத் துடைக்க. துடைத்ததும் அது ஈரமாகிவிடும், அதைத் தள்ளிவைத்துவிட்டு இரண்டாவதால்தான் சுற்ற வேண்டும். ஒரே துவாயைக் கொண்டுவந்த வீடுகளில் பிள்ளையை அந்த ஈரத்திலேயே சுற்றிவிடுகிறார்கள். மலைநாட்டுக் குளிரில் பிள்ளையின் சூடு இறங்குவது பெரும்பாலும் அந்த முதல் கால் மணிநேரத்தில்தான்.

கூடை தங்கச்சி, அந்தப் போத்தலை மட்டும் விட்டுவிடுங்கள். பிறந்த பிள்ளையின் தோல் மிக மெல்லியது. துணி விலகினால் சுட்டுவிடும், மூடி கசிந்தால் அதைவிட மோசம். தாயின் நெஞ்சோடு தோல்படப் போட்டு மேலே போர்வையைப் போர்த்துவதைவிட நல்ல சூடு வேறில்லை. பாதம் சில்லென்றிருந்தால் பிள்ளைக்குக் குளிரத் தொடங்குகிறது. வயிறும் சில்லென்றிருந்தால் உடனே தாதியைக் கூப்பிட வேண்டும்.

கொழுந்துக்கூடை:
அக்கா, என் மூன்று பிள்ளைகளுக்கும் போத்தல் வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. சத்திரசிகிச்சை முடிந்து மயக்கத்தில் கிடக்கும் தாயின் நெஞ்சில் பிள்ளையைப் போடுவது எப்படி?

ஓய்வுபெற்ற_தாதி:
நல்ல கேள்வி. தாயால் முடியாதபோது தகப்பன் நெஞ்சிலோ பாட்டி நெஞ்சிலோ போடலாம். ஆனால் வார்டுக்குள் அவர்களை விடுவது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். விடாத இடத்தில் தொப்பியும் காய்ந்த துணியும் இரண்டு சுற்றுப் போர்வையும்தான் கைகொடுக்கும். கம்பளியை நேராகத் தோலில் படவிடாமல், உள்ளே பருத்தி, வெளியே கம்பளி என்று சுற்றுங்கள்.

வெள்ளவத்தை_மாமா:
நாங்கள் கொழும்பில் தனியார் மருத்துவமனைக்குப் போனோம். டிஸ்போசபிள் நேபி ஒரு பெட்டி, பால் எடுக்கும் பம்ப், பால் போத்தல் இரண்டு, ஒரு டின் பால்மா, இவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பால் சுரக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?

ஓய்வுபெற்ற_தாதி:
அரசாங்க மருத்துவமனை வார்டுக்குள் போத்தலும் பால்மாவும் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள். முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால். அது கொஞ்சமாகத்தான் வரும், பிள்ளையின் வயிறும் அந்த அளவுதான். அதைப் பார்த்துப் பால் இல்லை என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள். பம்ப் தேவைப்பட்டால் பிறகு பார்க்கலாம்.

நேபி விஷயத்தில் மாமா சொல்வதில் பாதி நியாயம் உண்டு. துணி நேபிதான் நல்லது, ஆனால் ஜனவரியில் லயத்தில் துவைத்தது காய இரண்டு மூன்று நாளாகும். பதினைந்து துணியாவது வேண்டும். பழைய பருத்திச் சேலையைக் கிழித்துத் தைத்தாலே போதும். முதல் நாள் பிள்ளை ஓரிரு முறைதான் நனைக்கும், ஐந்தாம் நாளில் ஆறு முறைக்கு மேல் போகும். அந்தக் கணக்கில் வீட்டில் இன்னொரு பத்து இருக்கட்டும். பையை 36ஆம் வாரத்தில் கட்டி வைத்தால் பனியில் துணி மறுபடி ஈரமேறும். வெயில் வரும் நாளில் பிரித்து, இஸ்திரி போட்டு, சூடு ஆறியதும் பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டுங்கள். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் ஈரம் தெரிந்துவிடும், கை ஏமாற்றும்.

மஸ்கெலியா_சிவா:
நான் என் கதையைச் சொல்கிறேன். 2021இல் என் மனைவியைப் பக்கத்து மருத்துவமனையில் சேர்த்தேன். இரவு பதினொரு மணிக்கு இரத்த அழுத்தம் ஏறியது. ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். எனக்கு ஏற இடமில்லை. கிளினிக் அட்டை பெரிய பைக்குள், அந்தப் பை என் கையில். காலையில் முதல் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு. அதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. அட்டை இல்லாததால் அவளுடைய இரத்த வகை கூட அங்கே தெரியவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பு நடுங்குகிறது. ஆகவே பத்திரங்கள் எல்லாம், விவாகச் சான்றிதழ் உட்பட, தாயின் கழுத்திலேயே தொங்க வேண்டும் என்பது என் முடிவு.

ஓய்வுபெற்ற_தாதி:
சிவா, உங்கள் பயம் நியாயம், காரணத்தை மட்டும் கொஞ்சம் திருத்துகிறேன். அட்டையை நம்பி யாரும் இரத்தம் ஏற்ற மாட்டார்கள். எங்கே போனாலும் புதிதாக ஊசி குத்தி வகை பார்த்துப் பொருத்திய பிறகுதான் ஏற்றுவார்கள். அந்த இரவில் உண்மையில் இல்லாமல் போனது வேறு. மூன்று மாதத்தில் அழுத்தம் எவ்வளவு இருந்தது, எந்த வாரத்தில் ஏறத் தொடங்கியது, சிறுநீரில் புரதம் இருந்ததா, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, இவையெல்லாம் எச் 512 என்று அச்சிட்டிருக்கும் அந்த மடிப்பு அட்டையில்தான் இருக்கின்றன. புதிதாகப் பார்க்கும் மருத்துவருக்கு அழுத்தம் அன்றுதான் ஏறியதா, நாள்பட்டதா என்பது அந்த எண்களில் தெரிந்துவிடும்.

அட்டையில் இரத்த வகை ஆர்எச் நெகட்டிவ் என்று இருந்தால் இன்னொன்றும் உண்டு. பிள்ளை பொசிட்டிவ் என்றால் தாய்க்கு 72 மணிநேரத்துக்குள் ஓர் ஊசி போட வேண்டும். அடுத்த பிள்ளையைக் காக்கும் ஊசி அது. வீட்டாருக்கும் தெரிந்திருந்தால் கேட்டு நினைவூட்டலாம்.

ஆகவே கிளினிக் அட்டை, ஸ்கேன் அறிக்கைகள், தாயின் தேசிய அடையாள அட்டை, இவை மூன்றும் ஒரு பொலித்தீன் உறையில் தாயின் கையிலேயே இருக்கட்டும். அவள் எந்தக் கட்டிலுக்கு மாறினாலும் உறையும் மாற வேண்டும். விவாகச் சான்றிதழின் அசல் தகப்பனிடம் இருக்கட்டும், அதை வார்டுக்குள் கொண்டுபோய் என்ன செய்வது?

ஹட்டன்_டிரைவர்:
பிறப்புச் சான்றிதழ் எடுப்பதைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? அவசரம் வேண்டாம், மூன்று மாதம் இருக்கிறது. அதற்கு மேல் போனால்தான் காலங்கடந்த பதிவு என்று அலைய வேண்டும். விவாகச் சான்றிதழ் இல்லையென்றால் இருவரும் பதிவாளர் முன் போய்க் கையொப்பமிட்டால்தான் தகப்பன் பெயர் ஏறும். என் அக்கா மகளுக்கு அப்படித்தான் நடந்தது.

லிந்துலை_தம்பி:
அண்ணா, நான் கேட்டது பையைப் பற்றி. ஆனாலும் சொன்னது உதவும், எங்களிடம் சான்றிதழ் இருக்கிறது.

ஓய்வுபெற்ற_தாதி:
டிரைவர் தம்பி தவறி வந்தாலும் வேண்டிய இடத்துக்குத்தான் வந்திருக்கிறார். பெயரில் கவனம் தேவை. கிளினிக் அட்டையில் பெயரைச் சிங்களத்தில் காதால் கேட்டு எழுதியிருப்பார்கள். அடையாள அட்டையில் வேறு விதமாக இருக்கும். பிள்ளையின் பதிவில் மூன்றாவது விதமாக வந்துவிட்டால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாளில்தான் தெரியும். அதனால் ஒரு தாளில் தாய், தகப்பன் இருவரின் முழுப்பெயரையும் அடையாள அட்டையில் உள்ளபடியே சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி, அந்தப் பொலித்தீன் உறையில் போடுங்கள். யார் கேட்டாலும் வாயால் சொல்லாமல் தாளை நீட்டுங்கள்.

மஸ்கெலியா_சிவா:
அக்கா, நீங்கள் அசலைத் தகப்பனிடம் வைக்கச் சொல்கிறீர்கள். தகப்பன் வழியில் மாட்டிக்கொண்டால்? 1990 ஆம்புலன்ஸை அழைத்தால் பொருத்தமான அரசாங்க மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோவார்கள், நாம் நினைத்த இடத்துக்கு அல்ல. என்னைக் கேட்டால் எல்லாமே தாயிடம்தான்.

ஓய்வுபெற்ற_தாதி:
பிரசவ அறையில் ஈரம் படாத இடமில்லை தம்பி. விவாகச் சான்றிதழ் நனைந்தால் மறுபிரதிக்கு அலையப்போவது நீங்கள்தான். நகல் தாயிடம், அசல் உங்களிடம். இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் போலிருக்கிறது.

கொழுந்துக்கூடை:
தாயின் பொதியை யாரும் பேசவில்லையே! முன்பக்கம் திறக்கும் நைட்டி மூன்று, சீத்தைத் துணி இரண்டு, உள்ளாடை ஆறு, பெரிய பேட் இரண்டு பெட்டி, செருப்பு, தட்டு, கோப்பை, சுடுதண்ணீர் பிளாஸ்க். தாலியைக் கழற்றச் சொல்வார்கள், அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. மஞ்சள் கயிற்றில் மாற்றிக் கட்டிக்கொண்டேன்.

ஓய்வுபெற்ற_தாதி:
சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு உலோகம் போகக்கூடாது. கயிறு மட்டும் என்றால் சில இடங்களில் விடுவார்கள், சில இடங்களில் அதுவும் இல்லை. வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு வாருங்கள், கதவடியில் நின்று அழவேண்டாம். நகப்பூச்சையும் துடைத்துவிடுங்கள், விரலில் மாட்டும் கருவிக்கு அது தடை. பேட் எண்ணிக்கையில் கூடை தங்கச்சி சொன்னது சரி. ஆனால் ஒரு பேட் ஒரு மணிநேரத்துக்குள் முழுதாக நனைந்தால் அடுத்ததை மாற்றிக்கொண்டு படுத்திருக்காமல் உடனே தாதியைக் கூப்பிட வேண்டும்.

லிந்துலை_தம்பி:
இப்படிச் செய்கிறேன். பை ஒன்று, உள்ளே பிள்ளைக்குச் சிவப்புத் துணியில் ஒரு பொதி, தாய்க்கு நீலத்தில் ஒன்று. பத்திர உறை மட்டும் வெளியே, அவள் கையில். அம்மாவுக்கும் ஒரே பைதான் என்பதால் சமாதானம். பெயர்த் தாளை இன்றிரவே எழுதுகிறேன்.

மஸ்கெலியா_சிவா:
விவாகச் சான்றிதழ்?

லிந்துலை_தம்பி:
அசல் என் சட்டைப் பையில், அண்ணா. மன்னித்துக்கொள்ளுங்கள்.