இன்டர்ன்ஷிப்பில் விரல் போனால் யார் பணம் தருவார்கள்?

மூன்றாமாண்டு மெக்: அடுத்த மாதம் ஓசூரில் இரும்புத் தகடு அழுத்துகிற ஒரு பிரஸ் ஷாப்பில் நாலு வாரம் இன்டர்ன்ஷிப். ஸ்டைபெண்ட் இல்லை. "விபத்து நேர்ந்தால் நிறுவனம் பொறுப்பல்ல" என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். அப்பாவின் ஹெல்த் பாலிசியில் நானும் இருக்கிறேன். வங்கியில் 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் போட்டிருக்கிறேன். போதுமா?

ஷிஃப்ட்2: தாராளமா போதும் தம்பி. கேட்டுக்குள்ளே அடிபட்டால் ஈ.எஸ்.ஐ. பார்த்துக்கொள்ளும்.

கிளெய்ம் கணக்கு: வராது அண்ணே. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்குத்தான் ஈ.எஸ்.ஐ. அப்ரண்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் பதிவானவருக்கு நிறுவனமே இழப்பீடு தரவேண்டும். கல்லூரிக் கடிதத்தோடு வருகிற பையன் இரண்டிலும் சேர மாட்டான்.

அந்த 20 ரூபாய்த் திட்டத்தில் இறந்தால் 2 லட்சம், ஒரு கையோ காலோ கண்ணோ முழுசாகப் போனால் 1 லட்சம். பிரஸ்ஸில் போவது பெரும்பாலும் விரல்தான். அதற்கு அங்கே ஒரு ரூபாயும் கிடையாது, ஆஸ்பத்திரிச் செலவும் தராது.

கோவை அத்தை: ஃபீல்டு விசிட்டுக்கு பைக்கில் போகிற என் மகனுக்கும் இதேதானா?

கிளெய்ம் கணக்கு: அது வேறு கதை அக்கா. முதலில் லைசென்ஸ் இருக்கிறதா பாருங்கள்.

ஷிஃப்ட்2: சரி, ஈ.எஸ்.ஐ. இல்லை என்றே வைப்போம். அப்பா பாலிசிதான் இருக்கிறதே?

கிளெய்ம் கணக்கு: அது ஆபரேஷன் செலவோடு நின்றுவிடும். என் அக்கா பையனுக்கு ஆள்காட்டி விரல் பிரஸ்ஸின் டையில் மாட்டியது. ஆஸ்பத்திரி பில்லை பாலிசி கட்டியது, ஆனால் ஒரு மாதம் இழுத்தது. விபத்துப் பதிவேட்டு நகலும், எங்கே எப்படி அடிபட்டது என்று நிறுவனத்தின் கடிதமும் கேட்டார்கள். நிறுவனம் "அவர் எங்கள் ஆள் இல்லை" என்று கைவிரித்தது. கடைசியில் காப்பாற்றியது செக்யூரிட்டி கேபினில் அவன் தினமும் கையெழுத்துப் போட்ட வருகைப் பதிவேடு. நல்லவேளை, அந்தப் பக்கத்தை போன் கேமராவில் எடுத்து வைத்திருந்தான்.

விரலுக்குப் பணம் வேண்டுமென்றால் தனிநபர் விபத்து பாலிசி எடுக்க வேண்டும். பல பாலிசிகளில் ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் காப்பீட்டுத் தொகையில் 10 சதவீதம். 5 லட்சத்துக்கு எடுத்தால் 50,000. விண்ணப்பத்தில் 'மாணவர்' என்று மட்டும் எழுதாதே, பிரஸ் ஷாப் பயிற்சியையும் எழுது. மறைத்தால் அதைக் காட்டியே கிளெய்மை மறுப்பார்கள். வாராந்திர வருமான இழப்புச் சேர்க்கைக்குப் பணம் கட்டாதே, உனக்கு வருமானமே இல்லை.

ஷிஃப்ட்2: இவ்வளவு எதற்கு? அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதே, அவ்வளவுதான்.

கிளெய்ம் கணக்கு: போடாவிட்டால் இடம் தர மாட்டார்கள். தொழிலாளி இப்படி எழுதிக் கொடுத்தாலும் செல்லாது, ஆனால் இவன் தொழிலாளியா என்பதிலேயே வழக்கு இழுக்கும்.

மூன்றாமாண்டு மெக்: கல்லூரியில் குழு விபத்து பாலிசி இருக்கிறதாம். வளாகத்துக்கு வெளியே செல்லுமா என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. பாலிசி நகலையே கேட்டிருக்கிறேன்.