ராத்திரி சொல்லாதே, காலையில சொல்லு

சோழவந்தான் அம்மா:

எங்க பொண்ணு ஆகஸ்ட் கடைசியில கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனா. அதுவரைக்கும் வீட்டை விட்டு வெளிய ஒரு ராத்திரி தங்கினதில்ல. அம்மாச்சி வீடே அடுத்த தெருதான். அவங்க அப்பா தேங்காய் லோடு வண்டி ஓட்டுறாரு, வாரத்துல நாலு நாள் ஊர்ல இருக்க மாட்டாரு. ஆக வீட்டுல நானும் அவளும்தான் இத்தனை வருஷமா. நேர்ல சொன்னா அழுதுருவேன்னு தெரியும். அதான் கணக்கு நோட்டுல ரெண்டு தாளைக் கிழிச்சு எழுதி, பெட்டிக்குள்ள சுடிதார் மடிப்புல வெச்சேன். மூணாம் நாள்தான் அவ கையில ஆப்பிட்டிருக்கு. எழுதினதை அப்படியே போடுறேன்.

“தங்கம்,

இதை நீ படிக்கிறப்ப எத்தனை தடவை அழுதிருப்பியோ தெரியாது. அழுததுக்கு வெக்கப்படாத. நான் உங்க அப்பாவைக் கட்டிக்கிட்டு இங்க வந்த புதுசுல, விளக்கு வைக்கிற நேரமானா கொல்லையில போய் நின்னுக்குவேன். பகல்ல ஒண்ணும் தெரியாது. வேலை இருக்கும், ஆளு இருக்கும். ஆறு மணிக்கு லைட்டைப் போட்டதும் நெஞ்சுல ஒரு கல்லு வந்து உக்காரும். உனக்கும் அந்த நேரந்தான் கஷ்டமா இருக்கும். வகுப்பு விட்டு வந்து சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் கட்டில்ல படுக்காத. துணி துவைக்கிறதை அந்த நேரத்துக்கு வெச்சுக்க. நான் அப்ப அதைத்தான் செஞ்சேன். நாலு பேர் வந்து போற இடம், கையும் ஈரமா இருக்கும், போனைத் தொட முடியாது.

போன் எத்தனை தடவை வேணா பண்ணு. ஆனா ஒண்ணு. ‘வந்து கூட்டிட்டுப் போம்மா’ங்கிறதை மட்டும் ராத்திரி சொல்லாத. காலையில பலகாரம் சாப்பிட்டதுக்கு அப்புறம் சொல்லு. அப்ப சொன்னா நான் ஏன் எதுக்குன்னு கேக்காம வண்டி ஏறுவேன். ராத்திரி மனசு ஒண்ணை ஒம்பதாக்கும். அதை நம்பி நீயும் நானும் முடிவு எடுக்க வேணாம்.

புதுமைப் பெண் காசு மாசம் ஆயிரம் உன் கணக்குலதான் விழும். கார்டு உன்கிட்டயே இருக்கட்டும். எதுக்குச் செலவழிச்சன்னு நான் கேக்க மாட்டேன். மாசக் கடைசியில எவ்வளவு மிச்சம்னு மட்டும் சொல்லு. ஒண்ணுமே மிச்சமில்லன்னாலும் அதையும் சொல்லு, வைய மாட்டேன்.

உடம்புக்கு முடியலைன்னா எனக்கு முன்னாடி வார்டன்கிட்ட சொல்லு. நான் வந்து சேர அஞ்சு மணி நேரமாகும், அவங்க வர அஞ்சு நிமிஷம்.

என்னைப் பத்தி யோசிக்காத. பொய் சொல்ல மாட்டேன், ரெண்டு பேருக்கு உலை வெச்ச கை, அரிசி கூடத்தான் விழுகுது. மிச்சத்துக்குத் தண்ணி ஊத்தி வெச்சு மறுநாள் சாப்பிடுறேன். அது என் பாடு, நான் பாத்துக்குவேன். நான் ஒத்தையில இருக்கேன்னு நீ வரக்கூடாது. உனக்கு வரணும்னு இருந்தா வா.

நம்ம வெத்தலைக் கொடிக்கால்ல அகத்தியைக் கழிச்சு விடலைன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும். நெழல் கூடிப் போனா கொடி வெளிறிரும். உன்னை அனுப்புறதுக்கு மனசு வராதப்பெல்லாம் அதைத்தான் நெனச்சுக்கிட்டேன்.

அம்மா”

இனி நடந்தது. முதல் நாள் பதினோரு தடவை போன். அஞ்சாம் நாள் ராத்திரி பத்தரைக்கு, “வந்து கூட்டிட்டுப் போ”ன்னு ஒரே அழுகை. “கடுதாசி படிச்சியா?”ன்னேன். “ம்”ன்னா. “அப்ப காலையில சொல்லுடி”ன்னு வெச்சிட்டேன். வெச்சிட்டு நான் தூங்கல. பையில சேலை ரெண்டை எடுத்து வெச்சு வாசல்லயே உக்காந்திருந்தேன். காலையில ஏழேகாலுக்கு நானே போட்டா, “இட்லிக்கு லைன்ல நிக்கேன், அப்புறம் பேசுறேன்”ங்கிறா.

பதினோராம் நாள் வேற மாதிரி. காலையில ஆறே முக்காலுக்கு அவளே கூப்பிட்டா, அழுகை இல்ல. “அம்மா, நீ ஒரு தடவை வந்துட்டுப் போ”ன்னா. நாலு பேர் ரூம்ல மூணு பேர் மூணாம் வருஷம். அவங்க போன் பேசணும்னா இவளை வெளிய போகச் சொல்றாங்களாம். மாடிப்படியில புஸ்தகத்தோட உக்காந்திருக்கா, சில நாள் பன்னெண்டு மணி வரைக்கும். ராத்திரி பேசினப்ப எல்லாம் “பிடிக்கல, பிடிக்கல”ன்னு மட்டுந்தான் சொன்னா. காலையிலதான் காரணம் வந்துச்சு. ஆரப்பாளையத்துல வண்டி ஏறிப் போனேன். வார்டனம்மா நல்லபடியாக் கேட்டுக்கிட்டாங்க. அஞ்சாறு நாள்ல முதல் வருஷப் பிள்ளைக ரூமுக்கு மாத்திட்டாங்க.

என் கேள்வி இதுதான். ஆயுத பூஜைக்கு லீவு வருது. கூப்பிடலாமா, கொஞ்ச நாள் போகட்டும்னு விடலாமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

திருமங்கலத்து அப்பா:

கூப்பிடாதீங்கம்மா. என் பையனை திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பினப்ப ரெண்டு மாசம் வரவே விடல. போனும் ஞாயித்துக்கிழமை மட்டும். இப்ப ஊருக்கு வான்னாலும் வரமாட்டேங்கிறான். ரெண்டு மாசம் தாண்டிட்டா எல்லாம் சரியாயிரும்.

மேலூர்ப் பிள்ளை, நர்சிங் முடிச்சவ:

அக்கா, உங்க கடுதாசியில “உனக்கு வரணும்னு இருந்தா வா”ன்னு ஒரு வரி இருக்குல்ல, அதை நாலு தடவை படிச்சேன். எங்க அம்மாவும் எழுதினாங்க. “நீ இல்லாம வீடே வெறிச்சோடிக் கெடக்கு, அப்பத்தா உன்னையவே கேட்டுக்கிட்டு இருக்கு”ன்னு. பாசமாத்தான் எழுதினாங்க. நான் என்ன பண்ணேன் தெரியுமா, வெள்ளிக்கிழமை ஆனா மத்தியான லேபை விட்டுட்டு வண்டி ஏறிருவேன். நானும் கோயம்புத்தூர்தான். ஆரப்பாளையத்துல இறங்கி, டவுன் பஸ் பிடிச்சு மாட்டுத்தாவணி போய், அங்கிருந்து மேலூர். வீட்டுக்குப் போறப்ப ராத்திரி பத்து பத்தரை ஆயிரும். ஞாயித்துக்கிழமை ராத்திரி திரும்பினா விடியக்காலை நாலு மணிக்கு ஹாஸ்டல் வாசல். திங்கக்கிழமை முதல் ரெண்டு பீரியட் தூக்கந்தான். ரூம்ல பிள்ளைக சனி ஞாயிறுதான் ஒண்ணா சினிமா போவாங்க, சமைப்பாங்க. நான் அதுல எதுலயும் இல்ல. ஒரு செமஸ்டர் முடிஞ்சப்ப வருகைப்பதிவு எழுபத்தஞ்சு சதவீதத்துக்குக் கீழ, பேச ஒரு ஆளும் இல்ல. எனக்குத் தனிமை ஹாஸ்டலால வரல, அந்த பஸ்ஸால வந்துச்சு.

ஆயுத பூஜைக்குக் கூப்பிடுங்க. லீவுக்கு எல்லாரும் போவாங்க, அவ மட்டும் அங்க இருந்தா அதுதான் கொடுமை.

அலங்காநல்லூர்க்காரர்:

இரும்புப் பெட்டி வாங்கிக் குடுத்தீங்களா, சூட்கேஸா? எங்க பொண்ணு அடுத்த வருஷம் போகுது. சூட்கேஸ் ஜிப்பு சீக்கிரம் பிச்சுக்கும்கிறாங்க. கீழமாசி வீதிப் பக்கம் பெட்டி விலை என்ன வருது?

பழைய வார்டன், மதுரை:

பெட்டி பத்தி கடைசியில சொல்றேன் தம்பி.

நான் இருபத்திரெண்டு வருஷம் பெண்கள் விடுதியில காப்பாளரா இருந்தவ. அம்மா, கடுதாசி நல்லா இருக்கு. ஆனா அதுல ஒரு ஓட்டை இருக்கு, அதைச் சொல்லத்தான் வந்தேன். மாடிப்படியில பன்னெண்டு மணி வரைக்கும் உக்கார வெச்சதை உங்க பொண்ணு எத்தனை நாள் சொல்லாம இருந்தா? “ராத்திரி சொல்லாதே”ன்னு அம்மா எழுதினது மனசுல இருந்திருக்கும். வீட்டு ஏக்கத்துக்கு அந்த விதி ரொம்பச் சரி. காலை வரைக்கும் நிக்காத அழுகையைத்தான் பாக்கணும். ஆனா யாராவது மிரட்டினா, வெளிய போகச் சொன்னா, கை வெச்சா, உடம்பு முடியலைன்னா அது ராத்திரி ரெண்டு மணி ஆனாலும் சொல்ல வேண்டிய விஷயம். அந்தப் பிள்ளைக செஞ்சது விளையாட்டு இல்ல. முதலாமாண்டுப் பிள்ளைகளை முடிஞ்சவரைக்கும் தனிப் பகுதியில தங்க வைக்கணும்னு 2009ல வந்த யுஜிசி ராகிங் தடுப்பு விதியிலேயே இருக்கு. ராகிங் புகார் சொல்ற 1800-180-5522 எண்ணை அவ போன்ல பதிஞ்சு வைக்கச் சொல்லுங்க.

திருமங்கலத்து அய்யா சொன்னது பாதி சரி. நாள் போகப் போக ஏக்கம் குறையும், பெரும்பாலும் அப்படித்தான். ஆனா ரெண்டு மாசம்னு கணக்கு வெச்சுக் கதவைச் சாத்தினா, குறையாத பிள்ளை யாருன்னு தெரியாமலே போயிரும். வராண்டாவுல போனை வெச்சுக்கிட்டு அழுற பிள்ளையைப் பத்தி நான் என்னைக்கும் பயந்ததில்ல. “சாப்பிட்டேம்மா”ன்னு நல்ல குரல்ல சொல்லிட்டு, மெஸ் பக்கமே வராத பிள்ளைதான் என் தூக்கத்தைக் கெடுக்கும். தலை வாராம, துவைக்காத துணி கட்டில்மேல குவிஞ்சு, பகல்ல வகுப்புக்குப் போகாமப் படுத்திருந்து, இப்படி ரெண்டு வாரம் ஓடினா அது ஏக்கம் இல்ல, வைத்தியம் பாக்க வேண்டியது. மனநல உதவி எண் 14416ல கூப்பிட்டா எந்நேரமும் தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

அதனால “சாப்பிட்டியா”ன்னு கேக்காதீங்க. அதுக்கு ஒரே பதில்தான் வரும். “யாரு கூட உக்காந்து சாப்பிட்ட?”ன்னு கேளுங்க. ஒரு பேரு வருதான்னு பாருங்க. அதே பேரு ரெண்டாம் தடவை வந்தா பாதிப் பாரம் இறங்கின மாதிரி.

தம்பி, இரும்புப் பெட்டியே வாங்குங்க, ஆனா கட்டிலுக்கு அடியில போற உயரமான்னு ஹாஸ்டல்ல கேட்டுட்டு வாங்குங்க. எங்ககிட்ட பாதிப் பெட்டி வராண்டாவுலதான் கெடந்துச்சு.

திருமங்கலத்து அப்பா:

பையனுக்கும் பொண்ணுக்கும் வித்தியாசம் இருக்குல்ல. என் பையன் எதுவும் சொன்னதில்ல, அதான் சரியா இருக்கான்னு நெனச்சேன். அவன் யாரு கூட சாப்பிடுறான்னு இப்பவரைக்கும் எனக்குத் தெரியாது.

சோழவந்தான் அம்மா:

வார்டனம்மா, நீங்க சொன்னதைப் படிச்சுட்டு உடனே கேட்டேன். எட்டு நாளா படியில உக்காந்திருக்கா. “நீதானே காலையில சொல்லச் சொன்ன”ன்னா. எனக்கு வாயடைச்சுப் போச்சு. இன்னொரு தாள் எழுதி தபால்ல போட்டிருக்கேன். எது ராத்திரி, எது காலைன்னு பிரிச்சு எழுதினேன். நம்பர் ரெண்டும் பெருசா எழுதியிருக்கேன்.

யாரு கூட சாப்பிட்டன்னும் கேட்டேன். புது ரூம்ல தர்மபுரிப் பிள்ளை ஒண்ணு இருக்காம், பேரைச் சொன்னா. நேத்தும் அதே பேருதான் வந்துச்சு.

லீவுக்கு அவளே டிக்கெட் போட்டுட்டா, அவ காசுல. “அழுக்குத் துணியெல்லாம் கொண்டாரவா?”ன்னா. “கொண்டாராத, அங்கயே துவைச்சுட்டு வா”ன்னு போனை வெச்சிட்டேன். வெச்சதுல இருந்து மனசே கேக்கல, திருப்பிக் கூப்பிட்டு ஒரு பை மட்டும் கொண்டான்னு சொல்லலாமான்னு உக்காந்திருக்கேன்.