நாலு மேசை, ஒரு நோட்டீஸ் சிக்கல்: தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

வணக்கம். நாங்கள் நாலு பேர், வெப்சைட் வேலை செய்கிறோம். கல்லடியில் ஒரு கோ-வேர்க்கிங் இடத்தில் நிரந்தர மேசை ஒன்றுக்கு மாதம் 15,000 ரூபாய் கேட்கிறார்கள், நாலுக்கும் 60,000. மொனிட்டரை இரவிலும் மேசையிலேயே விட்டுப் போகலாம். விலை சரி, இடிப்பது நோட்டீஸ்தான். மேசையை விடுவதென்றால் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டுமாம், ஆனால் அந்த மாதம் அடுத்த முதலாம் திகதியிலிருந்துதான் கணக்கு. அப்படியென்றால் 3ஆம் திகதி சொன்னாலும் கிட்டத்தட்ட இரண்டு மாத வாடகை போய்விடும்! சொன்ன நாளிலிருந்து 30 நாள் என்று மாற்றி எழுதித் தருவார்களா? அப்புறம், ஒருவர் விலகினால் அந்த ஒரு மேசையை மட்டும் விடலாமா என்று கேட்டேன், “பார்ப்போம்” என்றார்கள். மட்டக்களப்பில் இப்படி எடுத்தவர்கள் என்ன எழுதி வாங்கினீர்கள்?