ஆப்ஷனே இல்லாத கேள்விக்குச் சரியான விடை வந்தது: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

செவ்வாய்ப்பேட்டை

மூன்று வாரம் ஆகியும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். ஐந்து ரோடு பக்கம் ஒரு பயிற்சி மையம். மாணவர்கள் தமிழில் சந்தேகம் கேட்பதற்கு ஒரு மொழி மாடல் வேண்டும், எது நல்லது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். பழைய குரூப் 4 வினாத்தாள்களில் இருந்து 400 கேள்வி எடுத்து இரண்டு மாடல்களுக்குக் கொடுத்தேன். முதலாவது 344 சரி, இரண்டாவது 312. சந்தேகமே இல்லை, முதலாவதுதான் என்று மையத்தில் சொல்லியும்விட்டேன்.

அன்று ராத்திரி ஸ்கிரிப்டைக் கொஞ்சம் மாற்றி, சும்மா 50 கேள்வியை மறுபடி ஓட்டினேன். ஃபைலில் ஒரு நெடுவரிசையின் பெயர் மாறியிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஆப்ஷன்கள் எல்லாம் காலியாகப் போயிருக்கின்றன. மாடலுக்குப் போனது இவ்வளவுதான்:

```
கேள்வி: ஏற்காடு எந்த மலையில் அமைந்துள்ளது?
அ)
ஆ)
இ)
ஈ)
விடை:
```

வந்த விடை "இ". விடைக்குறிப்பிலும் "இ". சேர்வராயன் மலை என்பது அதற்குத் தெரிந்திருக்கலாம், அதில் அதிசயம் இல்லை. அது மூன்றாவது ஆப்ஷனாக அச்சாகியிருந்தது என்பது எப்படித் தெரியும்? 50 கேள்வியில் கண்ணை மூடிக்கொண்டு எழுத்தைச் சொன்னாலும் 12, 13 சரியாக வரும். இரண்டாவது மாடலுக்கு 14 வந்தது. முதலாவதுக்கு 31. திரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் மையத்து ஆசிரியர்கள் இரண்டு பேரும் நானும் சேர்ந்து, அதே பாடப்பகுதிகளில் 120 புதுக் கேள்வி எழுதினோம். முதல் மாடல் 79, இரண்டாவது 88. சதவீதத்தில் முதலாவது 86-இல் இருந்து 66-க்கு விழுந்தது, இரண்டாவது 78-இல் இருந்து 73-க்கு. இதுபோல யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா?

குகை ரோடு

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? கம்பெனிக்காரர்கள் பயிற்சியின்போதே கேள்வித்தாளை மாடலுக்கு வேண்டுமென்றே ஊட்டிவிடுகிறார்கள். போன வருஷம் ஒரு கடைக்கு பில்லிங் உதவிக்காக ஒரு மாடல் போட்டோம். விளம்பரத்தில் பள்ளிக் கணக்கில் 90-க்கு மேல் என்று போட்டிருந்தது. இங்கே ஜிஎஸ்டியோடு ஒரு கொலுசு பில்லைக் கொடுத்தால், செய்கூலியைக் கூட்டாமலே மொத்தம் போட்டது. அன்றோடு ஸ்கோர் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

என் கருத்து, பெஞ்ச்மார்க்கே வேண்டாம். இரண்டு மாடலின் பதிலையும் பெயர் காட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது நல்லது என்று மனிதர்களை ஓட்டுப் போடச் சொல்ல வேண்டும். அதில் கேள்வியும் முன்கூட்டித் தெரியாது, விடைக்குறிப்பும் கிடையாது. கசிவதற்கு ஒன்றுமே இல்லை.

ஏற்காடு காப்பித்தோட்டம்

குகை ரோடு அண்ணா, அந்த ஓட்டுப் போடும் வேலையை நான் ஐந்து மாதம் செய்தேன். அதனால் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

தமிழ்ப் பதில்களை ஒப்பிடும் வேலை அது. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, எது மேல் என்று சொல்ல வேண்டும். ஒரு நாள் வந்த கேள்வி: அராபிகா செடி மஞ்சளித்து வாடுகிறது, தண்டில் மேடு மேடாக வளையம் தெரிகிறது, என்ன செய்வது? இடது பதில் நான்கே வரி. வெள்ளைத் தண்டுத் துளைப்பான், செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள், நிழலைக் குறைக்காதீர்கள் என்று இருந்தது. வலது பதில் ஒரு பக்கம். தலைப்பு, தடித்த எழுத்து, உரம், மண், ஈரம் என்று வரிசையாக, படிக்கவே மரியாதையாக இருந்தது. நான் வலதுக்குப் போட்டேன். அன்றைக்கு அது என்னுடைய நாற்பதாவது ஜோடி.

ராத்திரி சாப்பிடும்போதுதான் உறைத்தது. வலது பதிலில் ஆறாவதாகவோ ஏழாவதாகவோ, வெயில் நன்றாக விழும்படி நிழல் மரங்களை வெட்டச் சொல்லியிருந்தது. அந்தப் பூச்சி வெயில் விழுகிற தண்டைத்தான் தேடி வந்து முட்டை வைக்கும். எங்கள் மாமனார் காலத்தில் சில்வர் ஓக்கைக் கழித்த பக்கம் எத்தனை செடி போனது என்று எனக்கே தெரியும். தெரிந்த நானே நீளத்தைப் பார்த்துப் போட்டேன். காப்பிச் செடியையே பார்க்காதவர் எதற்குப் போடுவார்? அனுப்பிய ஓட்டைத் திருத்த வழியில்லை.

ஓமலூர் கணக்கு வாத்தியார்

வினாத்தாள் கசிவு பற்றிய பேச்சு என்பதால் என் அனுபவத்தையும் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் இதுவரை வினாத்தாள் வெளியே போனதில்லை, கட்டு பிரிப்பதில் அவ்வளவு கவனம். ஆனால் ஒரு பையன். மாதிரி வினாத்தாளில் இருந்த மாம்பழக் கூடைக் கணக்கை அரையாண்டில் எண்ணை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். 24 கூடை என்றிருந்ததை 36 ஆக்கினேன். அவன் வரிவரியாக வழிமுறை எழுதி, கடைசியில் 24 கூடைக்கான விடையையே போட்டிருந்தான். நடுவில் 36 என்று அவன் கையாலேயே எழுதியிருக்கிறான்! அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்குச் சொல்வது ஒன்றுதான். விடையை முதலில் பார்க்கக் கூடாது. ஒரு கணக்கை மூன்று விதமாக மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். பெற்றோர் கைடு வாங்கித் தருவதைக் குறைக்க வேண்டும். காலையில் அரை மணி நேரம் வாய்ப்பாடு சொல்ல வேண்டும். இப்போது யாரும் சொல்வதில்லை. வாய்ப்பாடு மனப்பாடம் வேறு, விடை மனப்பாடம் வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

அஸ்தம்பட்டி

இங்கே பேசுவது மாடல்களின் கசிவு, சார். ஆனால் நீங்கள் சொன்ன மாம்பழக் கணக்குதான் விஷயமே. GSM8K என்று 2021-இல் வெளியான பள்ளிக் கணக்குத் தொகுப்பு ஒன்று இருக்கிறது, சோதனைக்கென்று 1,319 கணக்குகள். பல மாடல்கள் அதில் ஸ்கோர் காட்டின. 2024-இல் வேறொரு குழு அதே தரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கணக்குகளைப் புதிதாக மனிதர்களைக் கொண்டு எழுதி, GSM1k என்று பெயர் வைத்து, வெளியே விடாமல் வைத்துச் சோதித்தது. சில மாடல்கள் கண்கூடாக விழுந்தன. முன்னணி மாடல்கள் பெரும்பாலும் விழவில்லை. அதனால் குகை ரோடு சொல்வதுபோல எல்லாருமே மனப்பாடம்தான் என்று சொல்லிவிட முடியாது.

வேண்டுமென்றே ஊட்டுவது என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. குரூப் 4 வினாத்தாளும் விடையும் நூறு தளங்களில் கிடக்கின்றன. இணையத்தை அள்ளும்போது அவையும் சேர்ந்து வரும். வடிகட்டுவது சொல்வதுபோல் எளிதில்லை. 2020-இல் ஜிபிடி-3 செய்தவர்கள், பயிற்சி டேட்டாவில் சோதனைக் கேள்வியோடு தொடர்ந்து 13 சொற்கள் ஒத்துப்போகிற இடங்களைத் தேடினார்கள். அதிலும் ஒரு பிழை புகுந்து, சில தப்பிவிட்டன என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். சொல் மாறிவிட்டால் இந்தத் தேடல் பிடிக்காது. 2023-இல் ஒரு குழு, சோதனைக் கேள்விகளை வேறு சொற்களில் எழுதி ஒரு 13 பில்லியன் பாராமீட்டர் மாடலுக்குப் பயிற்சி கொடுத்தது. அந்தச் சின்ன மாடல் ஜிபிடி-4 அளவுக்கு ஸ்கோர் எடுத்தது, சொல் ஒப்பீட்டில் எதுவும் சிக்கவில்லை. ஆங்கிலப் பெஞ்ச்மார்க்கைத் தமிழில் பெயர்த்துவிட்டால் புதுக் கேள்வி ஆகிவிடும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டைத் தம்பிக்கு ஒன்று. 120 கேள்வியில் 79-க்கும் 88-க்கும் உள்ள வித்தியாசம் ஒன்பது கேள்விதான். அந்த அளவு தொகுப்பில் ஒவ்வொரு ஸ்கோருக்கும் எட்டு சதவீதம்போல இப்படி அப்படி ஆடும். இரண்டாவது மாடல்தான் நல்லது என்று இதைவைத்துச் சொல்லாதீர்கள். முதலாவது 20 விழுந்தபோது இரண்டாவது 5 மட்டும் விழுந்ததே, அதுதான் ஆட்டத்தில் அடங்காத செய்தி. செலவில்லாமல் இன்னொன்றும் பார்க்கலாம். பழைய 400-இல் சரியான ஆப்ஷனை வேறு எழுத்துக்கு நகர்த்தி மறுபடி ஓட்டுங்கள். விடை தெரிந்த மாடலுக்கு இடம் மாறினால் கவலையில்லை.

குகை ரோடு

காப்பித்தோட்டம் சொன்னது எனக்குப் புதிது, நீளத்துக்கு ஓட்டு விழும் என்று யோசிக்கவில்லை. ஆனால் ஆயிரம் பேர் போட்டால் அந்தத் தவறு கரைந்துவிடாதா?

அஸ்தம்பட்டி

ஆளுக்கொரு பக்கம் தவறினால் கரையும். எல்லாரும் நீளமான பதில் பக்கமே சாய்ந்தால், ஆயிரம் ஓட்டு அந்தச் சாய்வை இன்னும் உறுதியாக்கும். சாட்பாட் அரீனா போன்ற ஓட்டுப் பட்டியலில் நீளத்தையும் தலைப்பு, புள்ளி வரிசை போன்ற அலங்காரத்தையும் கணக்கில் கழித்து ஒரு தனி வரிசை போட்டபோது, சில மாடல்களின் இடம் மாறியது. அலங்காரத்தைக் கழிக்கலாம். நிழல் மரத்தை வெட்டச் சொன்ன ஆறாவது வரியை எந்தக் கணக்கும் கழிக்காது.

கசிவே இல்லை என்பதும் முழுக்கச் சரியில்லை. ஓட்டுக்கு வந்த உரையாடல்களில் ஒரு பகுதி வெளியிடப்பட்டிருக்கிறது. அதே மாதிரிக் கேள்விகளில் பழக்கி, ஓட்டுக்கென்றே மாடலைத் தயார் செய்ய முடியும்.

செவ்வாய்ப்பேட்டை

அஸ்தம்பட்டி அண்ணா சொன்னபடி ஓட்டினேன். 400-இலும் சரியான ஆப்ஷனை வேறு எழுத்துக்கு நகர்த்தினேன். இரண்டாவது மாடல் 312-இல் இருந்து 306, அது எப்போதும் உள்ள ஆட்டம்தான். முதல் மாடல் 344-இல் இருந்து 297. அது தவறிய 103-இல் 61 இடத்தில், சரியான விடை முன்பு இருந்த பழைய எழுத்தையே பிடித்திருக்கிறது. குருட்டாம்போக்கில் தவறியிருந்தால் மூன்றில் ஒரு பங்கு, 34 போலத்தான் அந்த எழுத்தில் விழுந்திருக்க வேண்டும்.

மையத்துக்காரரிடம் காட்டினேன். அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடையில்லை. "நீங்கள் எழுதிய 120 கேள்வி பழையதைவிடக் கஷ்டமாக இருந்தால்? அதனாலும் விழலாமே." இரண்டாவது மாடல் அவ்வளவு விழவில்லையே என்றேன். அதற்குக் கஷ்டமான கேள்வி நன்றாக வருமோ என்னவோ என்கிறார்.

ஓமலூர் கணக்கு வாத்தியார்

மனிதர்களுக்குக் கொடுத்துப் பாருங்கள். என்னிடம் படித்து இப்போது குரூப் 4-க்குத் தயாராகிற பிள்ளைகள் இருபது பேர் இருக்கிறார்கள். பழையதில் 60, புதியதில் 60 கலந்து கொடுத்தால் எது கஷ்டம் என்று தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்து எழுத வைக்கிறேன்.

அஸ்தம்பட்டி

யோசனை சரி. GSM1k குழுவும் இரண்டு தொகுப்பையும் மனிதர்களிடம் கொடுத்துத்தான் கடினம் ஒன்றா என்று பார்த்தது. ஆனால் சார், அந்த இருபது பேரும் பழைய வினாத்தாளைத்தானே தினமும் படிக்கிறார்கள்?

ஓமலூர் கணக்கு வாத்தியார்

ஆமாம். பத்து வருஷத்துத் தாளையும் நானேதான் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். பழைய தாளைப் பார்க்காதவர்களுக்கு எங்கே போவது?

ஏற்காடு காப்பித்தோட்டம்

நான் பார்த்ததில்லை. என் கொழுந்தனாரும் நாத்தனாரும் பார்த்ததில்லை, இரண்டு பேரும் பிளஸ் டூ முடித்தவர்கள். அறுவடை முடிந்து இப்போது கொஞ்சம் ஓய்வுதான். தாளை பஸ்ஸில் கொடுத்துவிடுங்கள் தம்பி, எது பழையது எது புதியது என்று குறிக்காமல்.