3.3 சிக்மா: எந்த சிக்மா?

கியூவெட்: டிடெக்‌ஷன் லிமிட் கணக்கு போட்டேன். 0, 2, 4, 6, 8, 10 மி.கி./லி. ஸ்டாண்டர்டுக்கு அப்சார்பன்ஸ் 0.003, 0.104, 0.198, 0.305, 0.396, 0.502. R² 0.9997. ஸ்லோப் 0.0497, அதோட எரர் 0.00045. 3.3 × எரர் ÷ ஸ்லோப், டிடெக்‌ஷன் லிமிட் 0.03 மி.கி./லி. இதுல யாராவது குறை கண்டுபிடிங்க பார்ப்போம்.

நேர்கோடன்: 0.03 என்ன? மி.கி./லி. எங்கிருந்து வந்தது? ஸ்லோப் எரரை ஸ்லோப்பால வகுத்தா அலகே மிஞ்சாது. எக்செல்ல `=LINEST(y,x,TRUE,TRUE)` போட்டு, இரண்டாவது வரிசை முதல் கட்டத்தை எடுத்திருக்கீங்க. வேண்டியது மூன்றாவது வரிசை இரண்டாவது கட்டம், 0.0038. புள்ளிகள் கோட்டைச் சுத்தி எவ்வளவு சிதறுதுங்கிற அளவு அது, 3.3-ஆல பெருக்க வேண்டிய சிக்மா அதுதான். அதைப் போட்டா லிமிட் 0.25. உங்களோடதை விட எட்டு மடங்கு.

கியூவெட்: R² 0.9997 சார். இவ்வளவு நல்ல கோட்டுக்கு 0.25-ஆ?

நேர்கோடன்: R² பத்தி யாரும் கேக்கல. 0.03 ஸ்டாண்டர்டு போட்டா பிளாங்க்கை விட 0.0015தான் கூடும். உங்க புள்ளிகளோ கோட்டிலிருந்து 0.004 வரை விலகி நிக்குது. அந்த இரைச்சல்ல 0.0015-ஐ எப்படிப் பிரிச்சுப் பார்ப்பீங்க?

புரோமின்: ரெண்டு பேரும் தப்பு. பிளாங்க்கை பத்து தடவை படிச்சு அதோட எஸ்.டி.யைப் போடணும். எனக்கு 0.001 வரும், லிமிட் 0.07. ரிக்ரஷனே தேவையில்ல.

நேர்கோடன்: ஸ்லோப் இல்லாம 0.07 எப்படி வந்தது? பிளாங்க் எஸ்.டி. செல்லும், ICH Q2-வே அனுமதிக்குது. ஆனா ஒரே கியூவெட்டைக் கருவியிலிருந்து வெளிய எடுக்காம பத்து தடவை படிச்சா அது கருவியோட இரைச்சல் மட்டும்தான். பத்து பிளாங்க்கைத் தனித்தனியா தயார் பண்ணீங்களா?

புரோமின்: போன தடவையும் இப்படித்தான் பேச்சை மாத்தினீங்க.

சோதனைக்குழாய்: எங்க லேப்ல கோட்டைப் பூஜ்யம் வழியா இழுக்கச் சொல்றாங்க. சரியா?

நேர்கோடன்: அது வேற கேள்வி, தனியா போடுங்க. கியூவெட், உங்க ஸ்லோப் எரர் 0.9 சதவீதம். அதனால 0.25 அசையறது 0.002தான். அசைக்கிறது சிக்மா. ஆறு புள்ளியில ஸ்லோப்பும் இன்டர்செப்டும் போக மிஞ்சுறது நாலு டிகிரி ஆஃப் ஃப்ரீடம். அதுல வந்த 0.0038-லயே சுமார் 35 சதவீதம் சந்தேகம் இருக்கு. அதனால என் 0.25-ம் கல்வெட்டு இல்ல. பூஜ்யத்துக்கும் 2-க்கும் நடுவுல ஒரு புள்ளிகூட இல்ல, சிதறலெல்லாம் 4-லிருந்துதான் பெருசு. 0-லிருந்து 1 வரைக்கும் புதுக்கோடு போடுங்க, சிக்மா குறையலாம்.

கியூவெட்: அப்போ 0.25 தப்புன்னு நீங்களே சொல்றீங்க. என் ரிப்போர்ட்ல 0.03-தான்.

நேர்கோடன்: அலகு எங்க?

புரோமின்: தனித்தனியாதான் தயார் பண்ணேன். 0.07.

நேர்கோடன்: உங்க கருவி, உங்க பிளாங்க். அதை அவரோட கோட்டுக்கு ஏன் ஒட்டுறீங்க? கியூவெட், 0.03-ஐ ஏழு தடவை தயார் பண்ணி, படிச்சதைப் போடுங்க.

கியூவெட்: R² 0.9997 வந்த கோட்டுக்கு அதெல்லாம் தேவையில்ல.