ஒரே பார்ட் நம்பர், ஆனா ரேக் எழும்பல: உங்க அனுபவம் சொல்லுங்க

டை_ஹவுஸ்_மெயின்டனன்ஸ்:
போன மாசம் கெமிக்கல் டோசிங் பக்கம் இருக்குற ரிமோட் ரேக்ல 1756-EN2T கார்டு போயிடுச்சு. ஸ்டோர்ல புதுசு ஒண்ணு இருந்தது, பார்ட் நம்பர் அதேதான். பழைய கார்டுல மூணு ரோட்டரி சுவிட்சும் என்ன நம்பர்ல இருந்துச்சோ அதையே புதுசுலயும் திருப்பி வெச்சு மாட்டினேன். 192.168.1.21 ஐ.பி. டிஸ்ப்ளேல ஓடுது, பிங் போட்டா பதில் வருது. ஆனா கன்ட்ரோலர்ல ஐ/ஓ எல்.இ.டி. பச்சையா மினுக்கிட்டே இருக்கு.

நெட்வொர்க்தான்னு நினைச்சு கேபிள், சுவிட்ச் போர்ட் எல்லாம் மாத்திப் பார்த்தே ரெண்டு மணி நேரம் போச்சு. சாஃப்ட்வேர்ல அந்த மாட்யூலைத் திறந்து Connection டேப் பார்த்த பிறகுதான் விஷயமே தெரிஞ்சது. அங்க 16#0116-ன்னு நின்னுச்சு. ப்ராஜெக்ட்ல ரிவிஷன் 2, கீயிங் Exact Match. கார்டு சீரீஸ் D, உள்ள 10-ஆவது ரிவிஷன். அப்புறம் எப்படிச் சேரும்?

லேடர்_அண்ணாச்சி:
Disable Keying போட்டுட்டா முடிஞ்சது தம்பி. நான் எல்லா ப்ராஜெக்ட்லயும் அதான் போடுவேன்.

பழைய_பேனல்:
அண்ணாச்சி, வண்டி ஓடும், அதுல சண்டை இல்ல. ஆனா நாளைக்கு நைட் ஷிஃப்ட்ல அவசரத்துல வேற கார்டு ஒண்ணை அந்த ஸ்லாட்ல சொருகிட்டா, அதையும் சத்தமில்லாம ஏத்துக்கிட வாய்ப்பு இருக்கு. டோசிங்ல அந்த விளையாட்டு வேண்டாம். Compatible Module போதும். ஏத்துக்கலாமா வேண்டாமான்னு கார்டே முடிவு பண்ணும். பொதுவா அதே பார்ட் நம்பரா இருந்து, ரிவிஷன் ப்ராஜெக்ட்ல இருக்குறதுக்குச் சமமாவோ மேலயோ இருந்தா ஒத்துக்கும். கீழ இருந்தா ஒத்துக்காது.

தம்பி, ஃப்ளாஷ் பண்ணிப் பழைய ரிவிஷனுக்கு இறக்கப் பார்த்தீங்களா?

டை_ஹவுஸ்_மெயின்டனன்ஸ்:
பார்க்காம இருப்பேனா! இறங்கல. சீரீஸ் D-க்கு ஃபெர்ம்வேரே 10-லதான் ஆரம்பிக்குதாம், முந்தின சீரீஸோட ஃபைல் இந்த போர்டுல ஏறாது. பாக்ஸ் மேல SER D-ன்னு இருந்ததை ஸ்டோர்லயும் யாரும் பார்க்கல, நானும் பார்க்கல.

கடைசியா Compatible Module-தான் போட்டேன். அதுக்குள்ள இன்னொரு கூத்து. கன்ட்ரோலர் L61, வெர்ஷன் 16. என் லேப்டாப்ல இருந்தது 20. அதே வெர்ஷன் இல்லாம ஆன்லைன் போக முடியாது. இன்ஸ்ட்ருமென்ட் ரூம்ல தூசி படிஞ்சு கிடந்த எக்ஸ்.பி. கம்ப்யூட்டர்ல 16 இருந்துச்சு, அதுதான் மானத்தைக் காப்பாத்துச்சு.

பழைய_பேனல்:
டவுன்லோடுக்கு முன்னாடி அப்லோடு பண்ணீங்கதானே?

டை_ஹவுஸ்_மெயின்டனன்ஸ்:
பண்ணேன். இல்லன்னா ஆபரேட்டர்கள் வருஷக்கணக்கா மாத்தி மாத்தி வெச்ச செட்பாயின்ட் எல்லாம் பழைய ஃபைல்ல இருக்குற மதிப்புக்குப் போயிருக்கும். ஒரிஜினல் ACD ஃபைலும் கையில இருந்துச்சு. அந்த வெர்ஷன்ல கமென்ட் எதுவும் கன்ட்ரோலருக்குள்ள இருக்காது, அந்த ஃபைல் இல்லன்னா வெறும் லேடர் மட்டும்தான் திரும்பி வரும். அப்புறம் லைன் நிக்கிற நேரம் பார்த்து ப்ரோக்ராம் மோடுக்குக் கொண்டுவந்து டவுன்லோடு போட்டேன். ரேக் எழுந்துடுச்சு.

நீலக்கலர்_பிஎல்சி:
எனக்கும் இதே கதைதான், S7-1200-ல. பழைய CPU V3, கிடைச்சது V4. சரி, பழசையே அப்டேட் பண்ணி V4 ஆக்கிடலாம்னு மெமரி கார்டோட உட்கார்ந்தேன். ஆகவே ஆகாதாம், ஹார்ட்வேரே வேற. கடைசியில TIA-ல டிவைஸையே V4-க்கு மாத்தி கம்பைல் பண்ண வேண்டியதாப் போச்சு. மாத்தினா மறுபடி V3-க்குத் திரும்ப முடியாது, பழைய ப்ராஜெக்டைத் தனியா காப்பி எடுத்து வெச்சுக்கோங்க. உங்களுதுலயும் மெமரி கார்டு போட்டுப் பார்த்தீங்களா?

பழைய_பேனல்:
அது வேற குடும்பம்ங்க. இங்க கேள்வி கீயிங் பத்தி, மெமரி கார்டு பத்தி இல்ல.

சிமென்ட்_ஷிஃப்ட்:
நாங்க L61-ஐத் தூக்கிட்டு L71 போட்டோம். L6 வெர்ஷன் 20-ஓட நின்னுடும், அதனால எப்படியும் மாத்த வேண்டியதுதான். கன்வர்ட் பண்ணது சுலபமாத்தான் போச்சு. ஆனா L7-ல சீரியல் போர்ட்டே கிடையாது, யு.எஸ்.பி. மட்டும். வேப்ரிட்ஜ் இண்டிகேட்டர் அந்த சீரியல் போர்ட்லதான் பேசிட்டு இருந்துச்சு. அது யாருக்குமே ஞாபகம் வரல. முதல் லாரி பாலத்துல ஏறி நின்னப்போ எடை பூஜ்யம்!

லேடர்_அண்ணாச்சி:
சரிப்பா, Compatible-தான் நல்லதுன்னு ஒத்துக்கறேன். ஆனா எங்க பிளான்ட்ல ரெடன்டன்ட் ரேக். ஒரு பக்கம் EN2T சீரீஸ் C, மறு பக்கம் D போட்டா சிங்க் ஆகுமா? பண்ணிப் பார்த்தவங்க யாராவது?

பழைய_பேனல்:
அங்க கீயிங் மட்டும் பார்த்தா பத்தாது. ரெடன்டன்சிக்குன்னு தனி ஃபெர்ம்வேர் பண்டில் வருது, உங்க பண்டிலோட ரிலீஸ் நோட்டை முதல்ல பாருங்க. நான் C-யும் D-யும் கலந்து போட்டதில்ல.

டை_ஹவுஸ்_மெயின்டனன்ஸ்:
இப்ப ஸ்டோர்ல ஒவ்வொரு ஸ்பேர் பாக்ஸ் மேலயும் சீரீஸையும் ரிவிஷனையும் மார்க்கர்ல எழுதிட்டு இருக்கேன். இன்னும் மூணு EN2T இருக்கு, மூணுமே D. ப்ராஜெக்ட்ல Exact Match போட்ட ரேக் இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு. அடுத்த ஷட்டவுன் எப்போன்னு ப்ரொடக்ஷன்ல கேட்டா சிரிக்கிறாங்க.